பச்சைச் சாம்பல்

எங்கள் பள்ளி லேபில் உப்பைக் கண்டுபிடிக்க யாரும் உப்பைத் தொட வேண்டியதில்லை. நான் இருந்தால் போதும்.

என் பெயர் காந்தா. கிழக்குத் தாம்பரத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பிறந்த வீடு கோவளம். மீன் நாற்றத்தில் வளர்ந்தவள் என்பதால் லேப் நாற்றம் எதுவும் என்னை ஒன்றும் செய்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஹைட்ரஜன் சல்பைடு பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவள் நான். அப்போதிருந்த வாத்தியார் அரண்டுபோய் எழுந்து போய்விட்டார்.

பிளஸ் டூ பிராக்டிகலில் 'சால்ட்' என்று ஒன்று உண்டு. காகிதத்தில் மடித்து ஒரு உப்பு கொடுப்பார்கள். அதில் ஒரு எதிரயனியும், கேட்டயன் என்கிற ஒரு நேரயனியும் இருக்கும். இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நிறம், மணம், தண்ணீரில் கரைகிறதா, சூடாக்கினால் என்ன ஆகிறது, எரித்தால் சாம்பல் என்ன நிறம் என்று பார்ப்பார்கள். அப்புறம் அமிலங்களை ஊற்றி எதிரயனி. அதன்பின் நேரயனிக்கு ஜீரோ குரூப்பிலிருந்து ஆறாவது குரூப் வரை வரிசையாக ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். எந்தக் குரூப்பில் வீழ்படிவு விழுகிறதோ அங்கே நின்று, இன்னார்தான் என்று உறுதிச் சோதனை செய்து எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

எங்கள் பிள்ளைகள் முப்பது நிமிஷத்தில் முடிப்பார்கள். காரணம், ரெக்கார்டு நோட்டு. எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார் அயூப் சார் வருஷா வருஷம் ஒரே வரிசையில்தான் உப்புகளை எழுத வைப்பார். பக்கம் இருபத்தேழு காப்பர் சல்பேட், முப்பத்தொன்று மெக்னீசியம் சல்பேட், நாற்பத்தைந்து அமோனியம் குளோரைடு. பிள்ளைகள் பக்கத்தையே மனப்பாடம் செய்துவிடும். பரீட்சை அன்று உப்பை மடித்துக் கொடுப்பது நான் என்பதால் யாருக்கு எது என்று எனக்குத் தெரியும். பிறகு டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போவேன். வாஷ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றும்போது குனிந்து பக்க எண்ணைச் சொல்வேன். அவ்வளவுதான் விஷயம்.

இதைத் தப்பு என்று நான் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாகவே இருந்தது. லேப் பீரியடை எல்லாம் தியரி டெஸ்ட்டுக்குப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளை எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்? மார்க் போனால் யார் கொடுப்பார்கள்? அயூப் சாருக்கு இது தெரியாது. அதாவது, நான் கேனைத் தூக்கும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன டிசம்பர் மழையில் ஸ்டோர் ரூமில் முழங்கால் தண்ணீர். கீழ் ரேக்கில் இருந்த பாட்டில்களின் லேபிள் எல்லாம் ஊறி உரிந்து மிதந்தன. உள்ளே உப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மூடி இறுக்கம். தண்ணீர் வடிந்ததும் நான் ஒருத்தியே உட்கார்ந்து லேபிள்களை வெயிலில் உலர்த்தித் திரும்ப ஒட்டினேன். அயூப் சார் எட்டிப் பார்த்து, "டெஸ்ட் பண்ணிட்டு ஒட்டலாமேம்மா" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன் சார். எனக்குத் தெரியாதா இது இன்னா அது இன்னானு?" என்றேன். அவரும் விட்டுவிட்டார். என் வாயோடு மோத அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது.

இப்போது இரம் விஷயத்துக்கு வருகிறேன். பல்லாவரத்தில் தோல் செருப்புத் தைக்கிற மொஹ்சின் பாயின் பெண். பி.பார்ம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கவுன்சிலிங்கில் கட் ஆப் அரை மார்க்கில் போகிற காலம். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் முழு மார்க் வாங்கியே தீர வேண்டும் அவளுக்கு. மாடல் பிராக்டிகல் அன்று நான் கேனோடு போய்க் குனிந்தபோது, "சொல்லாதீங்க அக்கா. நானே பாத்துக்கறேன்" என்றாள். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கே சோறு போடுகிறவளிடம் 'எனக்குப் பசிக்கவில்லை' என்று சொன்ன மாதிரி. அன்றிலிருந்து அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பொதுத்தேர்வு பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வருவார். இந்த முறை வந்தவர் வேதசிரோமணி சார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனா. காலையில் ஷெல்ஃபைப் பார்த்து அவரே ஐந்து உப்புகளைத் தேர்ந்தெடுத்து எந்த நம்பர் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதினார். அதில் ஒன்று மெக்னீசியம் சல்பேட். இருபது பேரில் ஐந்து பேருக்கு அது. அந்த ஐந்தில் ஒருத்தி இரம். இன்னொருவன் ஹேமநாத், என் தங்கை ரோஹிணியின் மகன்.

நான் வழக்கம்போலக் கேனைத் தூக்கினேன். அயூப் சார் ஜன்னலுக்குத் திரும்பினார். ஹேமநாத்திடம் குனிந்து "முப்பத்தொண்ணு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தான். இரமைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இது பொதுத்தேர்வு, வீம்பு பார்க்கிற இடமில்லை. அவளிடமும் சொன்னேன். அவள் நிமிரக்கூட இல்லை.

கால் மணி கழித்து அவளே என்னிடம் வந்தாள். கையில் ஒரு வாட்ச் கிளாஸ்.

"அக்கா, இன்னொரு ஃபில்டர் பேப்பர் வேணும்."

"குடுத்தேனே ஒண்ணு."

"ஆஷ் டெஸ்ட் பண்ணேன். பச்சையா வருது."

சாம்பல் சோதனை என்பது இது: உப்பை அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, இரண்டு சொட்டு கோபால்ட் நைட்ரேட் விட்டு, அதில் ஃபில்டர் பேப்பரை நனைத்து எரிக்க வேண்டும். அலுமினியம் இருந்தால் சாம்பல் நீலம். மெக்னீசியம் என்றால் இளஞ்சிவப்பு. பச்சை என்றால் துத்தநாகம், அதாவது ஜிங்க். வாட்ச் கிளாஸைப் பார்த்தேன். கருகலுக்கு நடுவே பச்சை தெரிந்தது.

"சரியா எரிஞ்சிருக்காது. பிங்க்னு எழுது, போ" என்றேன்.

"பிங்க் இல்லையே அக்கா."

"நேரம் போய்கினே கீது. நீ இன்னா ஆராய்ச்சி பண்ணி நோபல் பிரைசா வாங்கப் போறே?"

பேப்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் மறுபடியும் எரித்தாள். மறுபடியும் என்ன நிறம் வந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எங்கள் கிப்ஸ் ஆபரட்டஸ் லேபுக்கு வெளியே பின்பக்க வராண்டாவில் இருக்கிறது. ஃபெரஸ் சல்பைடு கட்டிகள் மேல் அமிலம் பட்டு ஹைட்ரஜன் சல்பைடு வரும் கண்ணாடிக் கூண்டு அது. அழுகிய முட்டை நாற்றம் என்பதால் உள்ளே வைப்பதில்லை. இரண்டாவது குரூப்புக்கும் நான்காவது குரூப்புக்கும் அந்த கேஸைக் கரைசலுக்குள் விட வேண்டும். பரீட்சை நேரத்தில் அதற்குக் காவல் நான். குழாயைத் திறப்பது, மூடுவது. சொல்லப்போனால் அங்கே எனக்கு வேலையே இருக்காது. பக்க எண் தெரிந்த பிள்ளைகள் எதற்கு அந்த நாற்றத்துக்கு வரப் போகின்றன?

அன்று காலை முழுக்க அங்கே வந்தது இரம் ஒருத்திதான். முதல் தடவை அமிலம் சேர்த்த கரைசலோடு வந்தாள், கேஸ் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது குரூப் இல்லை என்று போய்விட்டாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள். அமோனியம் குளோரைடும் அமோனியம் ஹைட்ராக்சைடும் சேர்த்த கரைசல். அதில் மூன்றாவது குரூப் வீழ்படிவு ஒன்றும் இல்லை, தெளிவாக இருந்தது. நான் குழாயைத் திறந்தேன். குமிழ் விட ஆரம்பித்த சில நொடிகளில் டெஸ்ட் ட்யூபுக்குள் வெளுத்துக்கொண்டு வந்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஓர் அழுக்கு வெள்ளை. 

நான்காவது குரூப். அழுக்கு வெள்ளை. ஜிங்க் சல்பைடு. இதற்கு டிகிரி வேண்டாம். இருபத்திரண்டு வருஷத்தில் இதுகூடத் தெரியாவிட்டால் நான் மாடு மேய்க்கப் போகலாம். மெக்னீசியமாக இருந்தால் இந்தக் கதவில் எட்டிக்கூடப் பார்க்காது; ஆறாவது குரூப் வரை போக வேண்டும்.

"பாத்தீங்களா அக்கா" என்றாள் இரம்.

"ம்" என்றேன்.

எனக்கு ஸ்டோர் ரூம் ஞாபகம் வந்தது. இரண்டு பாட்டில். இரண்டும் நிறமில்லாத படிகம், கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். டிசம்பரில் வெயிலில் காய்ந்த இரண்டு லேபிள். எதை எதில் ஒட்டினேன் என்று இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. 

அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜன்னல் வழியாக ஹேமநாத் தெரிந்தான். எழுதி முடித்து, அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தான். பாட்டில் தப்பு என்று நான் வாயைத் திறந்தால், அந்தப் பாட்டிலில் மெக்னீசியத்தைக் 'கண்டுபிடித்த' நாலு பேரும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராக என் கேனுக்கு வரும். அங்கிருந்து என் வேலைக்கு வரும். ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் மார்க் போகும், அவ்வளவுதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

பரீட்சை முடிந்து மணி அடித்தது. வேதசிரோமணி சார் தாள்களை அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். திருத்தும்போதே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாய்மொழியாக இரண்டு கேள்வி. இரம் முறை வந்தது.

"சல்பேட் சரி. பேரியம் குளோரைடு போட்டு வெள்ளை வீழ்படிவு, ஹெச்.சி.எல்.லில் கரையல. நல்லா எழுதியிருக்கே. கேட்டயன் எப்படி ஜிங்க் ஆச்சு?"

"ஜிங்க்தான் சார்."

"என் தாள்ல மெக்னீசியம்னு இருக்கும்மா."

"நாலாவது குரூப்ல வந்துது சார். அதை டைல்யூட் ஹெச்.சி.எல்.லில் கரைச்சு, கொதிக்க வச்சு, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டு சொட்டா விட்டேன். வெள்ளையா வந்து, அதிகமா விட்டா கரைஞ்சிடுச்சு. மெக்னீசியம்னா கரையாதே சார்."

அயூப் சார் இடையில் வந்தார். "நல்லா படிக்கிற பொண்ணுதான் சார். கொஞ்சம் டென்ஷன் ஆயிடுச்சு போல."

"நான் டென்ஷன் ஆகல சார்" என்றாள் இரம். "ஆஷ் ரெண்டு தடவை பச்சையா வந்துது. கேஸ் விடும்போது காந்தா அக்காவும் பாத்தாங்க."

வேதசிரோமணி சார் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா?"

"நெறைய பேரு வந்துகினு போய்கினு இருந்தாங்க சார். எனக்கு நெனவில்ல" என்றேன்.

இரம் என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவ்வளவு நேரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தானே அந்த வராண்டாவில் நின்றோம். வேதசிரோமணி சார் பெருமூச்சு விட்டு, ஜிங்க் என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். அவள் தன் மேஜைக்குப் போய்த் தன் டெஸ்ட் ட்யூப்களைக் கழுவ ஆரம்பித்தாள். பரீட்சை முடிந்த பிறகு ட்யூப் கழுவுகிற பிள்ளையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த தாள் ஹேமநாத்துடையது. வேதசிரோமணி சார் முகம் தெளிந்தது.

"இங்க பாருங்க அயூப் சார், எவ்வளவு நீட்டா எழுதியிருக்கான். சாம்பல் இளஞ்சிவப்பு. ஆறாவது குரூப்ல வெள்ளை வீழ்படிவு. உறுதிச் சோதனை, மேக்னசான் கரைசல் சேர்த்ததும் வானநீல வீழ்படிவு. வெரி குட்."

ஹேமநாத் தலை குனிந்து சிரித்தான்.

மேக்னசான். நான் ஷெல்ஃபைப் பார்த்தேன். மூன்றாவது தட்டில் அந்தப் பாட்டில் நின்றது. போன வருஷக் கடைசியில் தீர்ந்துபோய், இந்த வருஷம் நான் தயாரிக்க மறந்துபோன மேக்னசான். அடியில் காய்ந்த கறை மட்டும்தான் இருந்தது. காலிப் பாட்டிலிலிருந்து வானநீலத்தை வரவழைத்திருக்கிறான் என் தங்கை மகன். அவன் மட்டுமா, நாலு பேரும். நான்தான் வரவழைக்கக் கற்றுக்கொடுத்தவள். கண்ணால் பார்த்ததை எழுதினவள் அங்கே அழுதுகொண்டு ட்யூப் கழுவுகிறாள். எனக்கு என்மேல் வந்த கோபத்தில் காது அடைத்துவிட்டது.

"சார்" என்றேன். "நான் பொய் சொல்லிட்டேன்."

லேபே திரும்பியது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "கிப்ஸாண்ட வந்தது இந்தப் பொண்ணு ஒருத்திதான். நாலாவது குரூப்ல அழுக்கு வெள்ளையா வந்துது, நான் பாத்தேன். லேபிளை மாத்தி ஒட்டினது நான். மழையில எல்லாம் உரிஞ்சி போச்சு, கண்ணால பாத்து ஒட்டிட்டேன்."

"காந்தாம்மா" என்றார் அயூப் சார், கெஞ்சுகிற குரலில்.

வேதசிரோமணி சார் எழுந்தார். மெக்னீசியம் சல்பேட் என்று எழுதியிருந்த பாட்டிலை எடுத்து, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்தார். சோடியம் ஹைட்ராக்சைடு ஒவ்வொரு சொட்டாக விட்டார். வெள்ளையாக விழுந்தது. இன்னும் விட்டார். கண்ணெதிரே கரைந்து தண்ணீராகிவிட்டது. இன்னொரு ட்யூபில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு விட்டார். அதிலும் வெள்ளை விழுந்தது. பிறகு ஜிங்க் சல்பேட் என்று எழுதியிருந்த பாட்டிலிலிருந்து எடுத்து அதே சோடியம் ஹைட்ராக்சைடு. வெள்ளையாக விழுந்தது, எவ்வளவு விட்டும் அசையாமல் அப்படியே நின்றது. 

இரமின் தாளை எடுத்தார். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழு மார்க்.

அதற்கப்புறம் அந்த நாலு தாள்களை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார். "இந்த பாட்டிலுக்கு சாம்பல் பிங்க்கா வந்திருக்கு. நாலு பேருக்கும்." ஷெல்ஃபுக்குப் போய் மேக்னசான் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. திரும்ப வைத்தார்.

"சார், பசங்க வாழ்க்கை" என்றார் அயூப் சார்.

"தெரியுது. எங்க ஸ்கூல்லயும் ஒரு தண்ணி கேன் இருக்கு" என்றார் வேதசிரோமணி சார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "பாட்டில் தப்புனால இந்த சால்ட்டை கேன்சல் பண்றேன். ஹெச்.எம். கிட்ட எழுதிக் குடுத்துடலாம். இந்தப் பொண்ணு கரெக்டா செஞ்சிருக்கா, அவளுக்கு வேண்டாம். மத்த நாலு பேரும் மத்தியான பேட்ச்சோட வேற சால்ட் செய்யட்டும். நானே மடிச்சிக் குடுக்கறேன். கேன் என் மேஜை மேல இருக்கும். அம்மா கிப்ஸ் பக்கத்துலயே இருக்கட்டும், உள்ள வர வேணாம்."

அவர் அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. எனக்கு மெமோ வரும், அது ஹெச்.எம். கையிலிருந்து வரும், வரட்டும். லேபை விட்டு வெளியே போகும்போது இரம் என் பக்கத்தில் நின்றாள்.

"தேங்க்ஸ் அக்கா" என்றாள்.

"எனக்கு எதுக்கு? மொதல்ல பொய் சொன்னவளே நான்தான். போய் சாப்பிடு" என்றேன். சிடுசிடுப்பாகத்தான் வந்தது. வேறு மாதிரி பேச எனக்கு வராது. அவள் சிரித்துவிட்டு, அப்பாவுக்குப் போன் செய்யப் போனாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு நான் வராண்டாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே நாலு பேரும் முன்வரிசையில். வேதசிரோமணி சார் நடந்துகொண்டே இருந்தார். ஜன்னல் வழியாக ஹேமநாத்தைப் பார்த்தேன். உப்பைக் காகிதத்தில் பிரித்து வைத்துக்கொண்டு, கை எதிலும் படாமல், சும்மா நின்றான். இந்தப் பையன் இரண்டு வருஷமாக இதே லேபில் இருந்தவன். பர்னரைப் பற்றவைக்கவே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தான்.

ஒருவழியாக உலர்ந்த ட்யூபில் கொஞ்சம் உப்பைப் போட்டுச் சூடாக்கினான். ட்யூபுக்குள் வெண்புகை எழுந்து மேல்பகுதியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்தது. எனக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிட்டது. பதங்கமாகிற உப்பு. அடுத்து இன்னொரு ட்யூபில் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிச் சூடாக்கினான். ஜீரோ குரூப் சோதனை. அவன் முகம் சட்டென்று பின்னால் போனது. இருமினான். கண்ணைத் துடைத்தான். பக்கத்து மேஜைப் பெண் மூக்கைப் பொத்தினாள். ஜன்னல் கம்பி வழியாக எனக்கே நெடி வந்தது. அமோனியா. நேரயனி அங்கேயே முடிந்தது. ஆறு குரூப் கதவுகளையும் தட்ட வேண்டியதே இல்லை. நெஸ்லர் கரைசல் ஒரு சொட்டு விட்டுச் செம்பழுப்பு வீழ்படிவைப் பார்த்துவிட்டு எழுத வேண்டியதுதான். அப்பாடா, பிழைத்தான் என்று நினைத்தேன்.

அவன் தாளில் ஏதோ எழுதினான். பிறகு அடுத்த சோதனைக்குப் போனான். அதற்கடுத்ததற்கும் போனான். 

அரைமணி கழித்து டெஸ்ட் ட்யூபைப் பிடித்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. கண் இன்னும் சிவந்திருந்தது.

"பெரியம்மா" என்றான், வாயை அசைக்காமல். "எந்தப் பக்கம்?"

வராண்டாவில் யாரும் இல்லை. வேதசிரோமணி சாரின் செருப்புச் சத்தம் லேபின் அந்தக் கோடியில் கேட்டது. நாற்பத்தைந்து, அமோனியம் குளோரைடு. ஒரே ஒரு எண். ரோஹிணி முகம் கண்முன் வந்தது.

"உன் கண்ணு ஏன் செவந்து கீது?" என்று கேட்டேன்.

"உள்ள இன்னாமோ நெடி பெரியம்மா. தாங்கல."

"எழுதினியா அதை?"

"எதை?"

"நெடியை."

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "காரநெடி இல்லைனு எழுதிட்டேன். ரெக்கார்டுல பாதிக்கு மேல பக்கத்துல அப்டித்தானே கீது. எந்தப் பக்கம்னு சீக்கிரம் சொல்லு, சார் வந்துடுவாரு."

அவன் மூக்கில் ஏறின நெடியைவிட என் வாயில் வரும் எண்ணை நம்பும்படி அவனை ஆக்கியவள் நான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை. இப்போது சொன்னால் மார்க் வரும். நான் சொல்லவில்லை. குழாயை அவன் ட்யூபுக்குள் விட்டுத் திறந்தேன். குமிழ் குமிழாகக் கேஸ் போனது. கரைசலில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் ட்யூபைப் பார்க்கவே இல்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.